மினிட்ஸில் "ஆவன செய்யப்படும்" என்று இருக்கிறது. யார் செய்யணும், எந்தத் தேதிக்குள் செய்யணும்?

நாலாம்மாடி | ஜூன் 10, செவ்வாய், இரவு 9.50

64 வீடு உள்ள அடுக்குமாடி. சங்கத்தில் நான் இணைச் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. செயலாளர் நாலு பக்கத்துக்கு மினிட்ஸ் எழுதி அனுப்பிவிட்டார். அதைச் சுத்தம் செய்து, எது முடிவு, யார் பொறுப்பு, என்ன கெடு என்று பளிச்சென்று தெரிகிற மாதிரி க்ரூப்பில் போடுவது என் வேலை.

நேற்று ராத்திரி உட்கார்ந்து முக்கியமான இடத்தையெல்லாம் தடித்த எழுத்தாக மாற்றினேன். முடித்துவிட்டுப் பார்த்தால் பாதிப் பக்கம் தடித்த எழுத்து. ஒன்றும் தனியாகத் தெரியவில்லை.

எனக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், போன வருஷம் லிஃப்டின் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம், அதாவது ஏஎம்சி, முடிந்துபோனது யாருக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதைவிட, தலைவர் கட்டியிருப்பார் என்று பொருளாளரும், பொருளாளர் கட்டியிருப்பார் என்று நானும் இருந்துவிட்டோம். மினிட்ஸில் "புதுப்பிக்கப்படும்" என்று மட்டும் இருந்தது. லிஃப்ட் ஒன்பது நாள் நின்றது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்த நேரம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் நாலு மாடி தூக்கிக்கொண்டு இறங்கினோம். மறுபடி அது நடக்கக் கூடாது.

இந்த முறை வந்ததில் ஒரு பத்தியை மட்டும் அப்படியே போடுகிறேன்:

"மேல்நிலைத் தொட்டிகளும் சம்ப்பும் சுத்தம் செய்வது குறித்து விவாதிக்கப்பட்டது. போன முறை வந்தவர்கள் சம்ப்பின் அடியில் சேற்றை அப்படியே விட்டுவிட்டதாக சி பிளாக் உறுப்பினர் கூறினார். வேறு இரண்டு மூன்று இடங்களில் விலைப்புள்ளி வாங்கிப் பார்க்கலாம் என்று முடிவு செய்யப்பட்டது. பொருளாளர் தனக்குத் தெரிந்த ஒருவர் இருப்பதாகச் சொன்னார். மழைக்கு முன் வேலை முடிக்கப்பட வேண்டும். லிஃப்ட் ஏஎம்சி ஜூன் 30 உடன் முடிவதால் அதைப் புதுப்பிப்பது குறித்து ஆவன செய்யப்படும். தொகை சென்ற ஆண்டைவிட அதிகம் என்று சிலர் கருத்துத் தெரிவித்தனர். விருந்தினர் பார்க்கிங் பிரச்னை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளலாம்."

இதை எப்படிப் பிரிப்பது?

வேகஎழுத்து | ஜூன் 10, இரவு 10.25

போனில் ரெக்கார்டு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போடுங்கள். பேசுகிற வேகத்துக்கு எழுத முடியாதபோது பெயரின் முதல் எழுத்தும் ஒரு கோடும் போதும். நான் தமிழ் சுருக்கெழுத்து சீனியர் முடித்தவள். கூட்டம் முடிந்த அன்றைக்கே பெயர்த்து எழுதிவிட வேண்டும். மறுநாள் ஆனால் நம் கோடே நமக்குப் புரியாது.

நாலாம்மாடி | ஜூன் 10, இரவு 10.40

அக்கா, எழுதியதில் ஒன்றும் விட்டுப்போகவில்லை. எல்லாம் இருக்கிறது, அதுதான் பிரச்னை. ஏற்கெனவே எழுதியதிலிருந்து பிரித்தெடுப்பதைக் கேட்கிறேன்.

கோப்புக்காரர் | ஜூன் 11, புதன், காலை 6.15

தம்பி, தடித்த எழுத்தை எடுத்துவிடுங்கள். பென்சிலை எடுத்து ஒவ்வொரு வாக்கியத்திலும் கடைசிச் சொல்லை மட்டும் கோடிடுங்கள். நம் மொழியில் வினை கடைசியில்தான் வந்து உட்காரும். அங்கேதான் வாக்கியத்தின் நிறம் தெரியும்.

"கூறினார்", "சொன்னார்", "கருத்துத் தெரிவித்தனர்", "விவாதிக்கப்பட்டது" என்று முடிந்தால் அது பேச்சு. "முடிவு செய்யப்பட்டது", "ஒப்புதல் அளிக்கப்பட்டது" என்று முடிந்தால் அது முடிவாக இருக்க வாய்ப்புண்டு. "செய்து தருவதாக ஏற்றுக்கொண்டார்" என்று இருந்தால் அது ஒருவருடைய வேலை. இந்த மூன்றிலும் சிக்கல் குறைவு.

சிக்கல் வேறு மூன்று முடிவுகளில் இருக்கிறது. "-லாம்", "வேண்டும்", "-ப்படும்".

"பார்க்கலாம்" என்று ஒருவர் கூட்டத்தில் சொன்னால் "சரி, செய்வோம்" என்றும் பொருள், "செய்தால் தடையில்லை" என்றும் பொருள், "இப்போதைக்கு விடுங்கள்" என்றும் பொருள். சொன்னவரின் முகத்தைப் பார்த்தவருக்குத்தான் தெரியும். எழுத்தில் முகம் கிடையாது. "முடிக்கப்பட வேண்டும்" என்பது ஆசை. யாருடைய ஆசை என்றுகூட அதில் இல்லை. "-ப்படும்" என்றால் செய்கிறவர் திரைக்குப் பின்னால் போய்விட்டார்.

"ஆவன செய்யப்படும்" எங்கள் வீட்டுப் பிள்ளை. 31 வருஷம் அரசு அலுவலகத்தில் இருந்தவன் நான். மனு வந்துவிட்டது, எந்தப் பிரிவு பார்ப்பது என்று இன்னும் தெரியவில்லை, பதிலும் போட்டாக வேண்டும் என்றால் அந்த வரியைப் போடுவோம். அதை உங்கள் மினிட்ஸில் பார்த்தால் "இங்கே முடிவு எடுக்கப்படவில்லை" என்று வாசியுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். விடுபட்ட பெயரையும் தேதியையும் நீங்களாக நிரப்பாதீர்கள். காலி இடத்தில் கேள்விக்குறி போடுங்கள், உரியவரிடம் கேளுங்கள். நீங்களாக ஒரு பெயரைப் போட்டால் கூட்டத்தில் நடக்காத ஒன்று நடந்ததாக ஆகிவிடும். அவர் "நான் எப்போது ஒப்புக்கொண்டேன்?" என்று ஒரு முறை கேட்டுவிட்டால், அதற்குப் பிறகு உங்கள் பட்டியலை யாரும் நம்ப மாட்டார்கள்.

பேச்சு வாக்கியங்களை முழுசாக நீக்கிவிடலாம். அவை மூலத்தில் இருக்கின்றன.

நாலாம்மாடி | ஜூன் 11, மதியம் 1.30

சாப்பாட்டு இடைவேளையில் செய்து பார்த்தேன். பத்தியில் எட்டு வாக்கியம். 1, 2, 4, 7 பேச்சு. 3 மட்டும் முடிவு, அதற்குள்ளேயும் ஒரு "பார்க்கலாம்" உட்கார்ந்திருக்கிறது. 5, 6, 8 மூன்றும் சார் சொன்ன சந்தேக வகை.

ஏற்றுக்கொண்டவர் என்று எழுத ஒருவர்கூட இல்லை. எட்டு வாக்கியத்தில் ஒரு பொறுப்பாளர் இல்லை. பொருளாளர் பெயர் இருப்பதால் அவர் ஏதோ ஏற்றுக்கொண்ட மாதிரி இத்தனை நாள் எனக்குத் தோன்றியது. "தெரிந்த ஒருவர் இருப்பதாகச் சொன்னார்", அவ்வளவுதான்.

தேதி ஒன்றே ஒன்று இருக்கிறது, ஜூன் 30. அதைத்தான் முந்தாநாள் தடித்த எழுத்தில் கெடு என்று போட்டிருந்தேன். இப்போது பார்த்தால் அது ஒப்பந்தம் முடிகிற நாள். நாம் வேலையை முடிக்க வேண்டிய நாள் அதற்கு முன்னால் வர வேண்டும். எங்கள் காசோலைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும், பொருளாளர் பாதி வாரம் ஊரில் இருக்க மாட்டார். ஜூன் 30 என்று எழுதி வைத்தால் ஜூன் 29 ராத்திரிதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும்.

சிஎஸ்_படிக்கிறேன் | ஜூன் 11, மாலை 5.05

இதெல்லாம் சட்டத்திலேயே இருக்கிறதே. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 118. கூட்டம் முடிந்து 30 நாளுக்குள் மினிட்ஸ் புத்தகத்தில் ஏற வேண்டும். அந்தப் பிரிவு பின்பற்றச் சொல்கிற செயலகத் தரநிலைப்படி, வரைவை 15 நாளுக்குள் எல்லா இயக்குநர்களுக்கும் அனுப்ப வேண்டும், அவர்கள் 7 நாளுக்குள் திருத்தம் சொல்லலாம். புத்தகத்தில் ஏறிய பிறகு மாற்றக் கூடாது, அடுத்த கூட்டத்தின் ஒப்புதல் வேண்டும். உங்கள் செயலாளர் இதைப் பின்பற்றியே ஆக வேண்டும். அதனால் கையெழுத்தாவதற்குள் மூலத்தையே நன்றாகத் திருத்தி எழுதிவிடுங்கள். தனிப் பட்டியல் எதற்கு?

கோப்புக்காரர் | ஜூன் 11, இரவு 8.20

படிப்பு சரி, ஆனால் அது கம்பெனிகளுக்கு. தம்பியின் சங்கம் பெரும்பாலும் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானதாக இருக்கும். அவர்கள் பார்க்க வேண்டியது தங்கள் சங்கத்தின் துணை விதிகளை. அந்த 15 நாள், 7 நாள் பழக்கம் நல்ல பழக்கம், எடுத்துக்கொள்ளலாம். கட்டாயம் என்று சொல்லாதீர்கள்.

இரண்டாவது விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. கையெழுத்தாவதற்கு முன் எழுத்துப்பிழையைத் திருத்தலாம், தப்பாகப் பதிவானதைத் திருத்தலாம். கூட்டத்தில் மொட்டையாக விடப்பட்டதை மினிட்ஸில் முழுசாக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை யாரும் பொறுப்பு ஏற்கவில்லை என்றால், ஞாயிற்றுக்கிழமையின் மினிட்ஸில் பொறுப்பாளர் இருக்கக் கூடாது. வியாழக்கிழமை ஏற்றார் என்றால் வியாழக்கிழமை ஏற்றார் என்று பட்டியலில் எழுத வேண்டும். அதற்குத்தான் தனிப் பட்டியல்.

தேனிக்குழு | ஜூன் 11, இரவு 9.40

எங்க மகளிர் குழுவுல 14 பேரு. தீர்மான நோட்டுல எழுதி, வாசிச்சுக் காட்டி, எல்லாரும் கையெழுத்துப் போட்ட பொறவுதான் எந்திரிப்போம். பேங்குல பணம் எடுக்கணும்னா அந்தத் தீர்மான நகலைத்தான் கேப்பாங்க. "எடுக்கலாம்"னு எழுதினா பேங்குல திருப்பி அனுப்பிருவாங்க. இன்ன தொகை, இன்னார் இன்னார் கையெழுத்துல, இன்ன காரியத்துக்குன்னு இருக்கணும். அதனால எங்களுக்கு இந்தக் குழப்பம் வந்ததில்ல.

வேற குழப்பம் ஒண்ணு வந்துச்சு. வசூல் பாக்கி கேக்கப் போற வேலைய ஒரு வயசான அக்கா பேருல எழுதினேன். அவங்கதான் போறேன்னாங்க. நோட்டுல பேரப் பார்த்ததும், "என்னைய வேலை ஏவி எழுதிருக்கா"ன்னு மனசு சங்கடப்பட்டுட்டாங்க. அதுக்கப்புறம் "போய் வருவதாக ஏற்றுக்கொண்டார்கள்"னு எழுத ஆரம்பிச்சேன். "செய்ய வேண்டும்"னு பேருக்குப் பக்கத்துல எழுதுறதே இல்ல. நீங்களும் பெரியவங்க பேரு போடும்போது பாத்துக்கோங்க.

நாலாம்மாடி | ஜூன் 12, வியாழன், காலை 7.10

தேனிக்குழு அக்கா சொன்னது சரியான இடத்தில் பட்டது. எங்கள் செயலாளர் ரொம்ப மரியாதையானவர். தலைவருக்கு 74 வயது. அவர் பெயரைப் போட்டு "செய்ய வேண்டும்" என்று எழுத இவருக்குக் கை வரவில்லை, அதனால்தான் எல்லாம் "-ப்படும்" ஆகிறது. இதை அலட்சியம் என்று நினைத்து நான் இவ்வளவு நாள் உள்ளுக்குள் கோபப்பட்டிருக்கிறேன். அலட்சியம் இல்லை, மரியாதை. "ஏற்றுக்கொண்டார்" என்று எழுதினால் மரியாதையும் இருக்கிறது, பெயரும் இருக்கிறது. அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

நாலாம்மாடி | ஜூன் 12, இரவு 10.55

கேள்விக்குறி போட்ட இடங்களுக்கெல்லாம் இன்று போன் போட்டேன். நடந்ததை எழுதுகிறேன், ஏனென்றால் இது நான் நினைத்ததைவிட மோசம்.

முதலில் விலைப்புள்ளி. பொருளாளர்: "நம்பர் தரேன்னுதான் சொன்னேன், வாங்கித் தரேன்னு சொல்லலையே." செயலாளர்: "அவர்தான் மூணு கொட்டேஷனும் வாங்குறார்னு நினைச்சேன்." சி பிளாக்காரர்: "ஆளுக்கு ஒண்ணுன்னு மூணு பேரும் வாங்குறதுதானே பேச்சு?" ஒரே அறையில் உட்கார்ந்து கேட்டவர்கள். அதுவும் நாலு நாள்தான் ஆகிறது.

"மழைக்கு முன்" என்பதிலும் இரண்டு மழை இருக்கிறது. செயலாளர் சொன்னது ஐப்பசி மழை, வடகிழக்குப் பருவம், சென்னைக்கு அதுதானே மழை. சி பிளாக்காரர் மனதில் இருந்தது ஜூலை, ஆகஸ்டில் சாயங்காலம் வந்து கொட்டிவிட்டுப் போகிற மழை, ஏனென்றால் அவர் பக்கத்து சம்ப் மூடியில்தான் அந்தத் தண்ணீர் இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று மாதம். செப்டம்பர் 15 என்று சொன்னேன், இருவரும் ஒப்புக்கொண்டார்கள். சி பிளாக்காரர், சம்ப் மூடியை மட்டும் உடனே சரி செய்யக் கேட்டார். அதைத் தனி வரியாக எடுத்துக்கொண்டேன், இது கூட்டத்தில் பேசப்படாதது என்று குறித்து.

கடைசியாக லிஃப்ட் ஏஎம்சி. தலைவர் சொல்கிறார், புதுப்பிப்பது முடிவாகிவிட்டது, தொகையைக் குறைக்கக் கேட்க வேண்டியதுதான் பாக்கி. பொருளாளர் சொல்கிறார், வேறு கம்பெனியைப் பார்ப்பதாகத்தான் முடிவு. செயலாளர் சொல்கிறார், முடிவே ஆகவில்லை, அதனால்தான் அப்படி எழுதினேன்.

கோப்புக்காரர் சார், நீங்கள் சொன்ன மாதிரியே அந்த வரியை "முடிவு எடுக்கப்படவில்லை" என்று வாசித்திருக்க வேண்டும். நான் நேற்று என் பட்டியலில் "ஏஎம்சி புதுப்பித்தல், தலைவர், ஜூன் 24" என்று எழுதி வைத்திருந்தேன். அனுப்பியிருந்தால் பொருளாளர் கையெழுத்தே போட்டிருக்க மாட்டார்.

கோப்புக்காரர் | ஜூன் 13, வெள்ளி, காலை 6.05

மூன்று பேருக்கு மூன்று ஞாபகம் என்றால் அதில் பெரும்பான்மை பார்த்து எழுதாதீர்கள். "முடிவாகவில்லை" என்று தனித் தலைப்புப் போட்டு அதன் கீழ் வையுங்கள். முடிவானது, முடிவாகாதது இரண்டும் ஒரே பட்டியலில் இருந்தால் முடிவாகாதது முடிவானதைப் போலவே தெரியும். முடிவாகாததற்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும். வேலையைச் செய்வதற்கு அல்ல, அதை முடிவுக்குக் கொண்டுவருவதற்கு.

ஜூன் 30-க்கு முன் உங்களுக்கு அடுத்த கூட்டம் இருக்கிறதா?

நாலாம்மாடி | ஜூன் 13, காலை 8.30

இல்லை சார். அடுத்தது ஜூலை 13. அதற்குள் லிஃப்ட் நின்றுவிடும். நாளைக்கு ராத்திரி கமிட்டி ஏழு பேரும் வீடியோ காலில் பத்து நிமிஷம் வரச் சம்மதித்திருக்கிறார்கள்.

நாலாம்மாடி | ஜூன் 14, சனி, இரவு 10.10

ஏழில் ஆறு பேர் வந்தார்கள். பத்து நிமிஷம் இல்லை, 25 நிமிஷம். ஆனால் கடைசியில் நான் ஒரு வாக்கியத்தைச் சத்தமாக வாசித்து, "இதுதானே?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். தேனிக்குழு அக்கா வாசித்துக் காட்டுவதாகச் சொன்னது ஞாபகம் வந்தது. முதலில் வாசித்ததில் "நியாயமான தொகைக்கு" என்று இருந்தது. பொருளாளர் உடனே எது நியாயம் என்று கேட்டார். அந்தக் கேள்வி வாசிக்காமல் வந்திருக்காது.

இன்று க்ரூப்பில் போட்டது இது:

முடிவானவை

லிஃப்ட் ஏஎம்சி: இப்போதுள்ள கம்பெனியிடமே ஓராண்டுக்குப் புதுப்பிப்பது. சென்ற ஆண்டுத் தொகைக்கு மேல் 5 சதவீதம் வரை போகலாம். அதற்கு மேல் கேட்டால் மறுபடி கமிட்டிக்கு. (ஜூன் 14 வீடியோ காலில் முடிவானது.)
ஏற்றுக்கொண்டவர்: செயலாளர். ஜூன் 24 செவ்வாய்க்குள்.
முடிந்ததற்கு அடையாளம்: கையெழுத்தான ஒப்பந்தத்தின் படம் க்ரூப்பில்.

தொட்டி, சம்ப் சுத்தம்: புது ஆட்கள் மூன்று பேரிடம் விலைப்புள்ளி. வேலை செப்டம்பர் 15-க்குள் முடிய வேண்டும்.
விலைப்புள்ளி வாங்க ஏற்றுக்கொண்டவர்: சி பிளாக் உறுப்பினர். ஜூன் 29 ஞாயிறுக்குள். பொருளாளர் ஒரு நம்பர் தருவார்.
முடிந்ததற்கு அடையாளம்: மூன்று தாளும் க்ரூப்பில்.

கூட்டத்துக்குப் பிறகு சேர்ந்தது

சி பிளாக் சம்ப் மூடி: ஏற்றுக்கொண்டவர் நான். ஜூன் 21 சனிக்குள்.

முடிவாகாதவை

விருந்தினர் பார்க்கிங்: ஜூலை 13 கூட்டத்தில் முதல் பொருள். எந்த இடங்கள் யாருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டவை என்ற விவரத்தைக் கொண்டுவர ஏற்றுக்கொண்டவர்: தலைவர்.

நாலு பக்கம் இவ்வளவுதான் ஆனது. "அடையாளம்" என்கிற வரியைப் பொருளாளர்தான் சேர்க்கச் சொன்னார். போன வருஷம் "பேசிட்டேன்" என்பதையே "முடிச்சிட்டேன்" என்று எடுத்துக்கொண்டோம்.

சிஎஸ்_படிக்கிறேன் | ஜூன் 15, ஞாயிறு, காலை 11.00

முந்தைய பதிவில் சங்கத்தையும் கம்பெனியையும் குழப்பிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். அந்த வீடியோ கால் கூட்டமா? முன்னறிவிப்பு இல்லை, பொருள்நிரல் இல்லை. கம்பெனி என்றால் சுற்றறிக்கை மூலம் தீர்மானம் எடுக்க ஒரு வழி உண்டு. உங்கள் துணை விதிகளில் அப்படி ஒன்று இருக்கிறதா?

நாலாம்மாடி | ஜூன் 15, மதியம் 12.45

எங்கள் துணை விதிகளில் வீடியோ கால் என்ற பேச்சே இல்லை. எழுதப்பட்ட காலத்தில் அது இருந்திருக்காது.

கோப்புக்காரர் | ஜூன் 15, இரவு 7.30

ஜூலை 13-ல் பின்னேற்பு பெற்றுவிடுங்கள். "ஜூன் 14 அன்று கலந்து பேசி எடுத்த முடிவைக் கமிட்டி ஏற்கிறது" என்று ஒரு தீர்மானம், முன்மொழிபவர், வழிமொழிபவர் பெயருடன். அது எல்லாக் கேள்விக்கும் பதிலாகுமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. வராத அந்த ஏழாவது ஆள் எதிர்த்தால் பேச்சு வேறு.

இன்னொன்று. பேச்சு வாக்கியங்களை முழுசாக நீக்கச் சொல்லியிருந்தேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். உங்கள் பட்டியலில் "புது ஆட்கள்" என்று இருக்கிறது, ஏன் புது ஆட்கள் என்று இல்லை. செப்டம்பரில் ஒருவர் வந்து "பழைய ஆளே குறைவாகக் கேட்கிறார், அவருக்கே கொடுங்கள்" என்பார். அப்போது சம்ப் அடியில் சேறு கிடந்தது யாருக்கும் நினைவிருக்காது, மறுபடி முதலிலிருந்து பேசுவீர்கள். ஒரு முடிவு எதையாவது வேண்டாம் என்று தள்ளியிருந்தால், தள்ளியதற்கான காரணம் ஒரு வரி இருக்கட்டும். மற்றப் பேச்சு தேவையில்லை. யார் சொன்னார் என்பதும் தேவையில்லை.

நாலாம்மாடி | ஜூன் 15, இரவு 8.00

சேர்த்துவிட்டேன். "காரணம்: போன முறை சம்ப் அடியில் சேறு விடப்பட்டிருந்தது."

கட்டம்போடுபவன் | ஜூன் 16, திங்கள், காலை 10.20

இதை க்ரூப்பில் போட்டால் குட்மார்னிங் படங்களுக்கு அடியில் போய்விடும். ஷீட் ஒன்று போட்டு லிங்க்கை பின் பண்ணுங்கள். A-யில் வேலை, B-யில் பெயர், C-யில் அடையாளம், D-யில் கெடு, E-யில் முடிந்த தேதி. கெடு தாண்டியும் E காலியாக இருந்தால் வரி சிவப்பாகும்படி கண்டிஷனல் ஃபார்மட்டிங்கில் இதைக் கொடுங்கள்:

```
=AND($D2<TODAY(),$E2="")
```

நாலாம்மாடி | ஜூன் 16, இரவு 9.15

போட்டேன். பார்க்கிங் வரி உடனே சிவப்பு. கீழே ஒன்றும் எழுதாத வரிகளும் சிவப்பு. அதே சமயம் போன மாத ஜெனரேட்டர் டீசல் பாக்கி, மே 25 கெடு, சிவப்பாகவே இல்லை. எங்கே தப்பு?

கட்டம்போடுபவன் | ஜூன் 16, இரவு 10.05

காலிக் கட்டத்தை ஷீட் சைபர் என்று எடுத்துக்கொள்ளும், சைபர் இன்றைய தேதியைவிடச் சின்னது, அதனால் சிவப்பு. கீழ் வரிகளுக்கு இப்படி மாற்றுங்கள்:

```
=AND($A2<>"",$D2<TODAY(),$E2="")
```

இப்போதும் கெடு போடாத பார்க்கிங் வரி சிவப்பாகத்தான் இருக்கும். அது நல்லதுதான், விடுங்கள்.

டீசல் வரியில் 25/5 என்று வருஷத்தோடு சேர்த்து அடித்தீர்களா? உங்கள் ஷீட் அமெரிக்க அமைப்பில் இருக்கும். அங்கே மாதம் முதலில். 25-ஆவது மாதம் கிடையாது, அதனால் அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டது. எழுத்து எப்போதும் எண்ணைவிடப் பெரியது என்று கணக்கு, சிவப்பே ஆகாது. இதைவிட ஆபத்து ஜூலை 6-ஐ 6/7 என்று அடிப்பது. ஜூன் 7 ஆகிவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். அமைப்பில் நாட்டை இந்தியா என்று மாற்றிவிட்டு, தேதிகளைத் திரும்ப அடியுங்கள். கட்டத்தில் மாதம் எழுத்தில் தெரிகிற வடிவத்தையும் தேர்ந்தெடுங்கள்.

தேனிக்குழு | ஜூன் 17, செவ்வாய், காலை 5.50

சிவப்பு வேணாம் தம்பி. எங்க கூட்டமைப்புல ஒருத்தரு செவரு நிறைய சிவப்புல ஒட்டி வச்சாரு. பேரு சிவப்புல வந்தவங்க ரெண்டு பேரு கூட்டத்துக்கே வாரத நிறுத்திட்டாங்க. கெடுவுக்கு மூணு நாள் முன்ன ஒரு போன் போட்டுக் கேட்டாப் போதும்.

கட்டம்போடுபவன் | ஜூன் 17, காலை 9.30

64 வீட்டைப் பார்க்கிறவர் வேலைக்கும் போய்க்கொண்டு ஒவ்வொருவருக்கும் போன் போட முடியாது அக்கா. பார்த்தாலே தெரிய வேண்டும்.

நாலாம்மாடி | ஜூன் 17, இரவு 9.00

இரண்டு பேர் சொன்னதையும் வைத்துக்கொண்டேன். சிவப்புள்ள ஷீட் கமிட்டி ஏழு பேருக்கு மட்டும். 64 வீட்டுக்குப் போகிற பட்டியலில் நிறம் இல்லை. ஜூன் 21 காலெண்டரில் குறித்திருக்கிறேன், செயலாளருக்குப் போன் போட.

நாலாம்மாடி | ஜூன் 24, செவ்வாய், இரவு 8.40

ஏஎம்சி ஒப்பந்தத்தின் படம் க்ரூப்பில் வந்துவிட்டது. 4 சதவீத உயர்வில் முடித்துவிட்டார். ஜூன் 21 அன்று போன் போட்டபோதுதான் கம்பெனிக்கு மெயிலே போயிருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன்.

நாலாம்மாடி | ஜூலை 14, திங்கள், காலை 7.00

நேற்று கூட்டம். பழைய பட்டியலைத்தான் முதலில் எடுத்தோம், எட்டு நிமிஷத்தில் முடிந்தது. ஏஎம்சி முடிந்தது, பின்னேற்பும் ஆனது, ஏழாவது உறுப்பினர் எதிர்க்கவில்லை. விலைப்புள்ளி மூன்றும் ஜூலை 2-ல் வந்தன, மூன்று நாள் தாமதம். சம்ப் மூடி என் வேலை, அதுவும் நாலு நாள் தாமதம். வெல்டர் வரவில்லை என்று பட்டியலில் எழுதினேன்.

பார்க்கிங் மறுபடி தள்ளிப்போனது. தலைவர் விவரம் கொண்டுவந்தார், ஆனால் இரண்டு இடத்துக்கு ஆவணத்தில் ஒரு எண், தூணில் வேறு எண். பழைய மினிட்ஸைப் புரட்டினேன், கடந்த செப்டம்பரிலிருந்து நாலாவது முறை தள்ளுகிறோம்.

செயலாளர் புது மினிட்ஸை இன்று காலை அனுப்பினார். மூன்று பக்கம். இரண்டு இடத்தில் "ஏற்றுக்கொண்டார்" என்று எழுதியிருக்கிறார். நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, பட்டியலைப் பார்த்துத் தானாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

கோப்புக்காரர் சாரிடம் ஒரு கேள்வி. நாலு முறை தள்ளியதை ஐந்தாவது முறையும் பட்டியலில் வைத்திருப்பதா, எடுத்துவிடுவதா?

கோப்புக்காரர் | ஜூலை 14, காலை 7.45

எடுக்காதீர்கள். "முதலில் எடுத்துக்கொண்ட நாள்: செப்டம்பர்" என்று ஒரு வரி சேர்த்து வையுங்கள். எங்கள் அலுவலகத்தில் மூன்று முறை தள்ளிய கோப்பு மேலதிகாரிக்குப் போக வேண்டும். உங்களுக்கு மேலே இருப்பது பொதுக்குழுதான்.

சிஎஸ்_படிக்கிறேன் | ஜூலை 14, காலை 9.10

பொதுக்குழுவுக்குக் கொண்டுபோனால் 64 பேரும் பேசுவார்கள். அந்த இரண்டு இடத்துக்காரர்களை மட்டும் முதலில் கூப்பிட்டுப் பேசிப் பாருங்களேன்.

நாலாம்மாடி | ஜூலை 14, இரவு 9.30

அந்த இரண்டு பேரில் ஒருவர் பொருளாளர். சனிக்கிழமை ஆவணத்தோடு வருகிறேன் என்று ஏற்றுக்கொண்டார். ஜூலை 19, D-யில் அடித்துவிட்டேன்.